2 மீட்டர் ஆரம், 12 வினாடி

குறும்படம் எடுக்கும் இளைஞர்களின் ஷாட் பட்டியலில் அடிக்கடி ஒரு வரி இருக்கும்: "அவள் மொட்டை மாடியில் நிற்கிறாள். கேமரா சுற்றுகிறது." எழுதியவர் மனதில் படம் தெளிவாக ஓடியிருக்கும். ஆனால் கேமராவைக் கையில் பிடிக்கப் போகிறவருக்கு இந்த வரியை வைத்துக்கொண்டு ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது. எவ்வளவு தள்ளி நின்று சுற்ற வேண்டும்? முழு வட்டமா, பாதியா? எந்தப் பக்கமாக? எத்தனை வினாடியில்? இதெல்லாம் ஸ்பாட்டில் முடிவானால் ஒவ்வொரு டேக்கும் ஒவ்வொரு மாதிரி வரும். எடிட்டிங் மேசையில் இரண்டு டேக்கை ஒட்ட முடியாது.

சொல்லப்போனால் இந்த ஷாட்டை விவரிப்பது ஒரு கணக்கு வேலை. பத்தாம் வகுப்பு வட்டம் தெரிந்தால் போதும். நிற்கும் ஆள் மையம். கேமரா பரிதியில். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஆரம். அந்த ஆரம் மாறக் கூடாது, நகரும் வேகமும் மாறக் கூடாது, லென்ஸ் எப்போதும் மையத்தையே பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

திசையைச் சொல்வதில்தான் குழப்பம் அதிகம். 'இடமிருந்து வலம்' என்று எழுதினால், யாருடைய இடம், யாருடைய வலம் என்று கேள்வி வரும். நம்மிடம் அதற்குத் தகராறு இல்லாத வழி இருக்கிறது: கோயிலில் சுற்றுகிற மாதிரி, சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி போவது வலம். மாறிப் போனால் இடம். 'வலமாகச் சுற்று' என்று எழுதிவிட்டால் ஒளிப்பதிவாளர் முதல் உதவியாளர் வரை எவருக்கும் சந்தேகம் வராது.

சரி, அந்த மொட்டை மாடிக்கே போவோம். அவள் கிழக்கே பார்த்து நிற்கிறாள். மாலை வெயில் முதுகில். ஆரம் 2 மீட்டர், முழு வட்டம், 12 வினாடி, 50 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் அவளுக்குப் பின்னால் இருக்கும் தெரு, வீடுகள், தென்னை எல்லாம் தடதடவென்று துள்ளித் துள்ளி ஓடும். கண் வலிக்கும்.

காரணம் இதுதான். கேமரா ஆளையே பார்த்துக்கொண்டு சுற்றும்போது, ஆள் திரையின் நடுவில் அப்படியே நிற்கிறாள். முகத்தின் கோணம் மெல்ல மாறுகிறது, அவ்வளவுதான். திரையில் உண்மையில் நகர்வது பின்னணி. 12 வினாடிக்கு 360 பாகை என்றால் வினாடிக்கு 30 பாகை. சினிமாவின் வழக்கமான வேகமான 24 ஃபிரேமில், ஒரு ஃபிரேமுக்கு ஒன்றேகால் பாகை. சூப்பர் 35 அளவு சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலமே 28 பாகைதான். ஆக, தூரத்துத் தென்னை திரைக்குள் நுழைந்து ஒரு வினாடிக்குள் வெளியே போய்விடுகிறது. 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் அது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே 86 புள்ளி தாண்டிக் குதிக்கிறது. அந்தக் குதிப்பைத்தான் கண் தடதடப்பாக உணர்கிறது.

ஹிட்ச்காக் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். 1958-இல் வந்த 'வெர்டிகோ' படத்தில், ஹோட்டல் அறையில் நாயகனும் நாயகியும் முத்தமிடும்போது கேமரா அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவது போல இருக்கும். அங்கே கேமரா அவர்களைச் சுற்றவில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் கிம் நோவாக்கும் சுழலும் மேடையில் நின்றார்கள். முன்பே எடுத்துவைத்த சுழலும் பின்னணியைப் பின்னால் இருந்த திரையில் ஓட்டினார்கள். அதனால்தான் பாதிச் சுற்றில் ஹோட்டல் அறை மறைந்து, அவன் நினைவில் இருக்கும் பழைய குதிரை லாயம் பின்னால் வந்துவிட்டுப் போக முடிந்தது. பின்னணி சுழன்றால் போதும், பார்ப்பவர் கேமரா சுற்றுவதாக நம்பிவிடுவார்.

எனவே மொட்டை மாடி ஷாட்டைப் பின்னணிக்கு ஏற்ற மாதிரி திருத்த வேண்டும். நேரத்தை 24 வினாடியாக்கலாம். ஆனால் பேச்சில்லாமல் ஒருத்தி நிற்பதை 24 வினாடி பார்க்கும் பொறுமை எல்லாக் கதையிலும் இருக்காது. எனக்குச் சரியாகப்படுவது வட்டத்தைப் பாதியாக்குவது. அவளுடைய இடது தோள் பக்கம் தொடங்கி, முகத்துக்கு நேரே வந்து, வலது தோளில் முடியும் அரை வட்டம். அதே 12 வினாடி. இப்போது வினாடிக்கு 15 பாகை. லென்ஸை 35 மி.மீ. ஆக்கினால் அகலம் 39 பாகை. தென்னை திரையைக் கடக்க இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். ஃபிரேமுக்கு ஃபிரேம் குதிப்பு 86-இலிருந்து சுமார் 31 புள்ளியாகக் குறைந்துவிடுகிறது. அவள் இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலிருந்து தலை வரை படத்தில் இருப்பாள்.

இந்த அரை வட்டத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. முழு வட்டமென்றால் லைட், மைக், ஒயர், உதவி இயக்குநர் எல்லாரும் எப்போதாவது ஃபிரேமுக்குள் வந்துதான் தீர்வார்கள். வெயிலும் ஒரு பக்கம் கேமராவுக்குப் பின்னால், மறுபக்கம் லென்ஸில் என்று மாறிக்கொண்டே இருக்கும். வெயில் கேமராவுக்குப் பின்னால் வரும் இடத்தில், கேமராக்காரரின் நிழல் அவள் முதுகில் விழும். முன்பக்க அரை வட்டத்தில், வெயில் அவள் முதுகுப் பக்கமே இருப்பதால் நிழல் தொல்லை இல்லை. நடுவழியில் லென்ஸில் கொஞ்சம் கூச்சம் அடிக்கலாம், அது அழகாகவும் இருக்கும்.

இனி இதை எப்படி நடத்துவது? பெரிய படமென்றால் ரவுண்ட் ட்ராலி. வளைந்த தண்டவாளத் துண்டுகளை வட்டமாகக் கோத்து, அதன்மேல் ட்ராலியைத் தள்ளுவார்கள். பாட்டென்றால் இரண்டு பேரை நடுவில் நிறுத்தி ரவுண்ட் ட்ராலி போடாமல் விடமாட்டேன் என்றிருந்த காலம் ஒன்று உண்டு, அதை நாம் பார்த்துச் சலித்தும்விட்டோம். ஆனால் கருவியாக அதற்கு ஒரு பெரிய வசதி: தண்டவாளமே ஆரத்தைக் காப்பாற்றுகிறது. ட்ராலி வளைவில் போகும்போது தானாகத் திரும்புவதால், கேமராவை ஒருமுறை மையத்துக்குப் பூட்டிவிட்டால் அது மையத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தண்டவாளம் ஒரு பக்கம் தாழ்ந்தால் மட்டும், அவள் தலை திரையில் ஏறி இறங்கும். ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

கிம்பலோடு நடப்பவருக்குத் தண்டவாளம் இல்லை, கயிறு உண்டு. அவள் நிற்கப்போகும் இடத்தில் ஒருவர் கயிற்று நுனியை அழுத்திப் பிடிக்க, 2 மீட்டர் நீளத்தில் மறுநுனியில் சாக்பீஸ் வைத்து அரை வட்டம் போட வேண்டும். அந்த வளைவின் நீளம் 6.28 மீட்டர். அதை 12 சம பாகமாகக் குறித்தால், ஒரு பாகம் 52 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு நிதானமான எட்டு. வினாடிக்கு ஒரு எட்டு. போனில் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டாக வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குறியில் கால் வைத்தால் வேகம் தானாக நிலைக்கும். வளைவின் இரு முனையிலும் இரண்டிரண்டு குறி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் தடுமாற்றம் அந்தக் குறிகளில் முடிந்துவிடும், பிறகு வெட்டி எறியலாம். கிம்பலில் திசைப் பூட்டு போட்டிருந்தால் அது ஒரே திக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும், இரண்டெட்டில் ஆள் ஃபிரேமைவிட்டு வெளியே போய்விடுவாள். உடல் திரும்புவதோடு கேமராவும் திரும்பும் நிலையில் வைக்க வேண்டும்.

அவள் மையத்தில் சரியாக நிற்பதும் அதே அளவு முக்கியம். 20 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்து நின்றாலும் போதும். முகத்துக்கு நேரே வரும்போது தூரம் 1.8 மீட்டர், தோள் பக்கம் போகும்போது 2-க்குச் சற்று மேல். முகம் நடுவழியில் பெருத்து, பிறகு சுருங்கும். முழு வட்டமாக இருந்தால் முதுகுப் பக்கம் 2.2 மீட்டராகி, வித்தியாசம் இன்னும் கூடும். காலுக்கு டேப் ஒட்டிவிட்டு, பாதத்தை அல்ல, உடலின் நடு அச்சை மையத்தில் நிறுத்துங்கள். அப்போதும் மூக்கும் கண்ணும் அந்த அச்சைவிடக் கொஞ்சம் முன்னால்தான் இருக்கும். அப்பர்ச்சரை அகலமாகத் திறந்து எடுத்தால் ஃபோகஸின் ஆழம் சில அங்குலம்தான். எனவே தோள் பக்கத்திலிருந்து முகத்துக்கு வரும்போது ஃபோகஸை ஒரு நூல் அருகே இழுத்து, பிறகு திரும்ப விட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு விஷயம் ஏமாற்றும். மாடியில் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் அவளுக்கு 2 மீட்டர் பின்னால். மறுபக்கம் திறந்த வெளி, 40 மீட்டர் தள்ளித் தென்னை. நடப்பவர் வேகம் மாறாவிட்டாலும், திரையில் சுவர் வினாடிக்கு ஏழரை பாகைதான் நகரும். தென்னை 14 பாகைக்கு மேல் நகரும். பார்ப்பவருக்கு ஷாட் பாதியில் வேகமெடுத்த மாதிரி இருக்கும். அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் துணிக்கொடிக் கம்பம் ஒன்று இருந்தால், அது பின்னணிக்கு எதிர்த்திசையில் பாயும். முன்னால் ஒன்று அப்படியும் பின்னால் ஒன்று இப்படியும் ஓடும்போது வேகம் இரட்டிப்பாகத் தெரியும். இயக்குநர் "ஏன் தம்பி ஓடுற?" என்று கத்துவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். அவன் ஓடியிருக்கமாட்டான்.

அவன் ஓடினானா இல்லையா என்று கண்டுபிடிக்க எடுத்த காட்சியை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மானிட்டரின் நடுவில் ஒரு குறி வைத்துக்கொண்டால், மூக்கு குறியைவிட்டு ஆடுவது கையின் பிழை. முகம் பெருத்துச் சுருங்கினால் ஆரம் மாறியிருக்கிறது, அல்லது அவள் மையத்தில் இல்லை. இவை இரண்டும் இல்லாமல் பின்னணி மட்டும் முந்திப் பிந்திப் போனால், குறிகளின் மேல் கால் விழுந்த நேரத்தைத் தட்டோடு ஒப்பிடுங்கள். அதுவும் சரியாக இருந்தால் குற்றம் சுவருடையது. அவளைச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தினால் தொல்லை குறையும்.

இவ்வளவும் ஷாட் பட்டியலில் ஏறினால் வரி இப்படி ஆகும்: "மொட்டை மாடி. அவள் கிழக்கே பார்த்து, வெயில் முதுகில். கேமரா 2 மீட்டர் ஆரத்தில், அவள் கண் மட்டத்தில், 35 மி.மீ. இடது தோளில் தொடங்கி முகம் வழியாக வலது தோள் வரை, வலமாக. 12 வினாடி, சம வேகம். முன்னும் பின்னும் 2 வினாடி வெட்டுக்கு."

ட்ரோனில் இதே ஷாட்டை எடுப்பவருக்கு இந்த வரியில் பாதி வேலை குறைந்துவிடும், ஏனெனில் மையத்தையும் ஆரத்தையும் வேகத்தையும் எண்ணாகவே கொடுத்துவிடலாம். 30 மீட்டர் ஆரம், வினாடிக்கு 5 மீட்டர் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 38 வினாடி. அந்தத் தூரத்தில் ஜிபிஎஸ் ஓரிரு மீட்டர் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதே ட்ரோனை 5 மீட்டர் ஆரத்தில் சுற்றவிட்டால் அந்த ஓரிரு மீட்டர் மொத்த ஆரத்தில் கால் பங்குக்கு மேல் ஆகிவிடும், ஆள் ஃபிரேமின் ஓரத்துக்கு ஓடுவாள். அவ்வளவு கிட்டே போக வேண்டுமென்றால் ட்ரோனைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கயிறையும் சாக்பீஸையும் எடுப்பதே மேல்.