ஐயாயிரம் எப்போதும் ஐயாயிரம்தான்

கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சரக்குக்குச் செக், சம்பளத்துக்கு பேங்க். ஆனால் டீ, கூரியர், ஆட்டோ, குழாய் ரிப்பேர் எல்லாம் கையில் காசாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்காகக் கேஷியரிடம் 5,000 ரூபாய் தனியாகக் கொடுத்திருப்பார்கள். பாடப்புத்தகங்கள் இதை முன்பண மீட்பு முறை என்கின்றன. அலுவலகத்தில் பெட்டி கேஷ் என்றால்தான் புரியும்.

விதி ஒன்றே ஒன்றுதான். பெட்டியில் உள்ள ரொக்கம், செலவான வவுச்சர்கள், கணக்கு வராத துண்டுச் சீட்டுகள் மூன்றையும் எந்த நிமிடம் கூட்டினாலும் 5,000 வர வேண்டும்.

வவுச்சரில் மூன்று கையெழுத்து இருக்கும்: எழுதிய கேஷியர், அனுமதித்த மேனேஜர், பணம் வாங்கியவர். இதில் நடுக் கையெழுத்துதான் உயிர். பணத்தை வைத்திருப்பவரே செலவையும் அனுமதிக்கக் கூடாது. மேனேஜர் வெளியூரில் இருந்தால் செலவு நின்றுவிடாது. பணம் வாங்குபவரிடம் ஒரு துண்டுச் சீட்டில் தொகையும் கையெழுத்தும் வாங்கிப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். அது ரெஜிஸ்டரில் ஏறாது. பில்லும் அனுமதியும் வந்த பிறகுதான் வவுச்சராக மாறும்.

ரெஜிஸ்டரில் வவுச்சர் எண் வரிசையாகவே ஏறும். எழுதும்போது தப்பாகிப்போன வவுச்சரைக் கிழித்தெறியாமல், குறுக்கே 'ரத்து' என்று எழுதி ஃபைலில் கோத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒரு எண் விட்டுப்போனதற்கு யாரும் காரணம் சொல்ல முடியாது. தொகை ஒரு முறை மொத்தக் கட்டத்திலும், இன்னொரு முறை உரிய செலவுத் தலைப்பிலும் எழுதப்படும். தலைப்புகளின் கூட்டலும் மொத்தக் கட்டத்தின் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும். பதிந்த பில்லின் மேல் 'பணம் கொடுக்கப்பட்டது' என்ற முத்திரை விழ வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால், அதே டீக்கடை பில் அடுத்த மாதம் இன்னொரு வவுச்சரோடு திரும்பி வரும்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம். 31-இலிருந்து 36 வரை ஆறு வவுச்சர்கள் பதிவாகியிருக்கின்றன: டீ 640, கூரியர் 385, ஆட்டோ 180, ஸ்டேஷனரி 565, பிளம்பர் 700, பூஜைச் சாமான் 230. கூட்டினால் 2,700. மீதி 2,300. இதில் லாரி ஆபீசுக்குப் போன பையன் வாங்கிய 500-க்குத் துண்டுச் சீட்டு இருக்கிறது. ஆகவே பெட்டியில் 1,800 இருக்க வேண்டும். எண்ணினால் ஐந்நூறு இரண்டு, நூறு ஆறு, ஐம்பது மூன்று, இருபது இரண்டு, பத்து மூன்று, சில்லறை ஏழு ரூபாய்: மொத்தம் 1,827.

இருபத்தேழு ரூபாய் அதிகம். அனுபவமுள்ள கேஷியர் உடனே நோட்டை மறுபடி எண்ண மாட்டார். 27-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. பதிவுகளை வவுச்சரோடு ஒத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடுகிறது: கூரியர் வவுச்சரில் இருப்பது 358, ரெஜிஸ்டரில் ஏறியது 385. ஒயிட்னர் வேண்டாம். தப்பான தொகையை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பழைய எண் படிக்கும்படி இருப்பதுதான் முக்கியம். திருத்திய செலவு 2,673, மீதி 2,327. சீட்டின் 500 போக 1,827. கணக்கு நேராகிவிட்டது.

வித்தியாசத்துக்குக் காரணம் கிடைக்காத நாட்களும் உண்டு. பத்து ரூபாய் குறைந்தால் சொந்தப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவது நல்ல மனசு போலத் தெரியும். ஆனால் கூடும்போது எடுத்துக்கொள்ளும் பழக்கமும் அங்கேதான் தொடங்குகிறது. 'ரொக்கக் குறைவு' என்று ஒரு வவுச்சர் எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கிப் பதிவதே முறை.

அடுத்து, பெட்டியை நிரப்ப வேண்டும். செக் வவுச்சர் மொத்தமான 2,673-க்கு மட்டும்தான். துண்டுச் சீட்டின் 500-ஐ அதில் சேர்க்கக் கூடாது. இப்போது ரொக்கம் 4,500, சீட்டு 500. மீண்டும் 5,000. செக்கில் கையெழுத்துப் போடுபவர் வவுச்சர் கட்டைப் புரட்டும்போது இரண்டு இடத்தில் நிற்பது நல்லது. வவுச்சருக்கு 1,000 ரூபாய் உச்சவரம்பு என்றால், ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 700, 700 என்று அடுத்தடுத்த எண்களில் இரண்டு இருக்கின்றனவா? அது 1,400 ரூபாய் வேலையைப் பிளந்ததாக இருக்கலாம். எண்ணில் எழுதிய தொகை எழுத்தாலும் இருக்கிறதா? இல்லையென்றால் 180-க்கு முன்னால் ஒரு 1 போட அரை நொடி போதும்.

சீட்டையும் பார்க்க வேண்டும். லாரி ஆபீஸ் 500 அடுத்த சனிக்கிழமையும் அப்படியே கிடந்தால், அது சரக்குக் கூலி அல்ல, யாரோ வாங்கிய கைமாத்து. சனிக்கிழமை எண்ணுவார்கள் என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் பணம் பெட்டிக்குத் திரும்பிவிடும். அதனால்தான் விவரமான மேனேஜர்கள் புதன்கிழமை பதினொரு மணிக்குச் சொல்லாமல் வந்து பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள்.