அறம், ஒழுக்கம், சட்டம், இங்கிதம்: குலசேகரன்பட்டினம் தசரா வேடநேர்ச்சையை முன்வைத்து

முன்னுரை

திருக்குறள் உரைப்பாயிரத்தில் பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூவகைப்படுத்துவார். பொருளுரிமை பற்றிய வழக்கும் குற்றத்திற்குரிய தண்டமும் அவர் பகுப்பில் அறத்தின் உட்கூறுகளே. இன்றைய வாழ்வில் இவை இரண்டும் சட்டம் என்னும் தனியமைப்பாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ஒழுக்கமும், பலர் கூடி வாழுமிடத்துப் பேணப்படும் இங்கிதமும் இவற்றினின்று வேறானவை. இந்நான்கும் ஒத்துச் செல்லும்போது இவற்றின் வேறுபாடு புலப்படுவதில்லை, முரண்படும்போதே புலப்படும். அத்தகைய முரண்களைக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா வேடநேர்ச்சை தெளிவாகக் காட்டுகிறது.

வேடமும் காணிக்கையும்

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்று தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கும் இவ்வூரில், புரட்டாசித் தசராவுக்கு நேர்ந்துகொண்ட அடியவர் மாலையணிந்து விரதமிருப்பர். பின்னர்க் காளி, குறவன், குறத்தி, அரசன், காவலர், பிச்சைக்காரர் எனத் தாம் நேர்ந்த வேடம் புனைந்து, வீடுவீடாகவும் கடைகடையாகவும் காணிக்கை பெற்று அம்மன் உண்டியலில் சேர்ப்பர். செல்வரும் கையேந்துவர் என்பது இந்நேர்ச்சையின் உயிர்நிலை.

இங்கு விரதம் ஒழுக்கத்தின்பாற்படும். அதனை முறித்தவரைப் பிறர் தண்டிப்பதில்லை. அவர் மனமே தண்டிக்கும். வேடமிட்டவரை அவ்வேடத்திற்குரிய தெய்வமாகவோ ஆளாகவோ மதித்து அழைப்பதும், வெறுங்கையாய் அனுப்பாமையும், எவ்வளவு சேர்ந்தது எனக் கேளாமையும் இங்கிதம். இதனை மீறுபவர் குற்றவாளியாவதில்லை. மதிப்பை மட்டுமே இழப்பர்.

காவலர் வேடம்

அரசுப் பணியாளர் அல்லாத ஒருவர், தம்மை அப்பணியாளரெனப் பிறர் நம்ப வேண்டுமென்னும் நோக்கத்துடனோ, நம்பக்கூடும் என்னும் அறிவுடனோ அவரது உடையை அணிதல் குற்றமாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 205ஆம் பிரிவாக உள்ளது. உடை மட்டும் இங்குக் குற்றமாவதில்லை; நம்பவைக்கும் நோக்கமோ அறிவோ உடன் இருத்தல் வேண்டும்.

கோயில் தெருவில் காளிக்கும் குறத்திக்கும் நடுவே நிற்கும் காக்கியுடையை எவரும் மெய்க்காவலர் என நம்புவதில்லை. அதே அடியவர் அதே உடையில் நெடுஞ்சாலையில் தனித்து நின்று, வேற்று மாநிலச் சரக்குந்து ஒன்றைக் கைகாட்டி நிறுத்துவதாகக் கொள்வோம். ஓட்டுநர் தசராவை அறியாதவர். தண்டம் கேட்கிறார் என அஞ்சி நூறு ரூபாய் நீட்டுகிறார். அடியவர் ஏமாற்ற எண்ணவில்லை, நேர்ச்சையையே நிறைவேற்றுகிறார். எனவே அவரளவில் ஒழுக்கம் வழுவவில்லை. ஆனால் ஓட்டுநர் நம்பக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தாரா என்னும் வினாவைச் சட்டம் எழுப்பும். அவ்வறிவு மெய்ப்பிக்கப்படாமற் போனால் சட்டம் அவரை விடுவிக்கும். அறம் அப்போதும் விடுவிப்பதில்லை. அச்சத்தால் கொடுத்தது ஈகையாகாது; அது அம்மனுக்குச் சேர்ந்தாலும் பறித்த பொருளே. கொடுப்பவரின் மனநிலையை அளவுகோலாகக் கொள்வது அறம். கொள்பவரின் நோக்கத்தையும் அறிவையும் சான்றுவழி ஆராய்வது சட்டம்.

கேட்கப்படாத கணக்கு

மற்றோர் எடுத்துக்காட்டு: ஒருவர் பன்னிரண்டாயிரம் ரூபாய் காணிக்கை பெற்று, வேடப்பொருளுக்கும் பயணத்திற்கும் செலவிட்ட மூவாயிரத்தைக் கழித்துக்கொண்டு, எஞ்சிய ஒன்பதாயிரத்தை உண்டியலில் இடுகிறார். செலவு நேர்ச்சைக்கே ஆயிற்று என்பதால் அவர் மனம் உறுத்துவதில்லை. கணக்குக் கேட்பது இங்கிதமன்று என்பதால் எவரும் கேட்பதில்லை. ஒப்படைத்த பொருளை நேர்மையின்றித் தமதாக்கிக்கொள்வதை நம்பிக்கை மோசடி எனச் சட்டம் கூறும். ஆயினும் சிறுசிறு தொகையாகக் கொடுத்த பலருள் எவரிடமும் பற்றுச்சீட்டு இல்லை. நேர்மையின்மையை மெய்ப்பித்தலும் அரிது.

எனவே சட்டமும் இங்கிதமும் ஒழுக்கமும் ஒருங்கே வாய்மூடும் இடத்தில் அறத்தின் வினா மட்டும் எஞ்சுகிறது: கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார்? செலவு கழிக்கப்படும் என அவர் அறிந்து கொடுத்திருந்தால் குறையில்லை. முழுவதும் அம்மனுக்கே எனக் கருதியிருந்தால் அம்மூவாயிரம் அவர் இசைவின்றி எடுக்கப்பட்டதே. கையேந்தும்போதே செலவு உண்டு எனக் கூறிவிடுதல் இம்முரணைத் தீர்க்கும். கேட்பது இங்கிதமன்றெனினும் கேளாமலே சொல்வதை எவ்விங்கிதமும் தடுப்பதில்லை.

முடிவுரை

ஒரு செயலை மதிப்பிடுங்கால் யார் கேட்கிறார், மீறினால் என்ன நேரும் என்னும் இரண்டையும் நோக்கின் நான்கும் பிரிந்து தோன்றும். சட்டத்தில் நீதிமன்றம் கேட்கும், தண்டனை நேரும். இங்கிதத்தில் ஊர் கேட்கும், மதிப்புக் குறையும். ஒழுக்கத்தில் தன் நெஞ்சு கேட்கும், அமைதி கெடும். அறத்தில் கேட்கும் உரிமை, செயலால் தாக்குண்டவருக்கு உரியது. அவர் பெயரறியாத ஓட்டுநராயினும், பத்து ரூபாய் கொடுத்துப் போன கடைக்காரராயினும் அவ்வுரிமை குறைவதில்லை. அவர் கேட்க வராத இடத்திலும் விடை கடமையாகவே நிற்கும் என்பதே அறத்தை ஏனைய மூன்றினின்றும் பிரித்துக் காட்டுகிறது.