மாத்திரை அட்டை எந்த நாளில் தீரும்?

இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோர், அட்டை தீர்ந்த பிறகே மருந்தகத்திற்கு வருவதை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். ஐந்தருவிப் பகுதியில் சாரல் காலமாகிய ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இது கூடுதலாக நிகழ்கிறது. கடை வைத்திருப்போர்க்கு வியாபாரத்தை விட்டு நகர முடிவதில்லை. சாலையிலும் பேருந்திலும் நெரிசல். ஆகவே மாத்திரை தீரும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது நல்லது.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று என்று பொருள். மூன்று எண்களையும் கூட்டினால் ஒரு நாளின் தேவை கிடைக்கும். கையிருப்பிலுள்ள மாத்திரைகளை அந்த எண்ணால் வகுத்தால், அவை எத்தனை முழு நாள்களுக்குப் போதும் என்பது தெரியும். அட்டைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். சில அட்டைகளில் 10 மாத்திரைகளும் சிலவற்றில் 15 மாத்திரைகளும் இருக்கும், மாத்திரைகளையே எண்ணுங்கள்.

ஐந்தருவிச் சாலையில் வசிக்கும் ஓர் அம்மையார், ஜூலை 8 அன்று காலை மாத்திரை போடுவதற்கு முன் எண்ணுகிறார் எனக் கொள்வோம். மெட்ஃபார்மின் 1-0-1; இருப்பு 23. இதனை 2ஆல் வகுக்க, 11 நாள்கள் போக ஒன்று மிஞ்சும். எண்ணிய நாளே முதல் நாள் என்பதால், ஜூலை 8 முதல் 18 வரை முழுமையாகப் போதும். மிஞ்சிய ஒன்று 19ஆம் நாள் காலைக்கு ஆகும். அன்றிரவுக்கு மாத்திரை இராது.

அம்லோடிபின் 0-0-1; இருப்பு 26. ஜூலை 8 முதல் 31 வரை, இரு நாள்களையும் சேர்த்து 24 நாள்கள். எஞ்சிய இரண்டு, ஆகஸ்ட் 2 வரை வரும்.

அட்டெனோலால் காலையில் அரை மாத்திரை. முழு மாத்திரைகள் ஒன்பதும், வெட்டிய அரை ஒன்றும் உள்ளன. அரைகளாக எண்ணினால் 19. ஆகவே ஜூலை 26 வரை போதும்.

இம்மூன்றில் முதலில் தீர்வது மெட்ஃபார்மின். அதுவே மருந்தகத்திற்கு வரவேண்டிய நாளை முடிவு செய்கிறது. விடுமுறை, மழை, இருப்பின்மை ஆகியவற்றை எண்ணி நான்கு நாள்களை முன்தள்ளினால், ஜூலை 14 அன்றே புறப்பட வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், இந்த நாளைத் தன்னார்வலரிடம் முன்னதாகவே தெரிவிக்கலாம்.

பிழை பெரும்பாலும் எண்ணும் நேரத்தில் நேர்கிறது. இரவு மாத்திரையையும் போட்ட பின் எண்ணினால், மறுநாளே முதல் நாள். நண்பகலில் எண்ணினால், அன்றிரவுக்குரியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மறுநாளிலிருந்து கணக்கிடுங்கள். வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரையானால், இருப்பு நாள்களை அன்றி வாரங்களையே காட்டும்.

இதே கணக்கு, மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்பதையும் காட்டிவிடும். அதே அம்மையாரிடம் ஜூலை 1 காலையில் மெட்ஃபார்மின் 37 இருந்திருந்தால், ஏழு நாள்களில் 14 செலவாகி, 8ஆம் நாள் காலையில் 23 இருக்க வேண்டும். 26 இருந்தால் மூன்று வேளை விடுபட்டிருக்கிறது. 20 இருந்தால் மூன்று மாத்திரைகள் கூடுதலாக உட்கொள்ளப்பட்டிருக்கலாம், அல்லது தொலைந்திருக்கலாம். விடுபட்டதை ஈடுசெய்ய ஒரே வேளையில் இரண்டு உட்கொள்ளக் கூடாது. இரண்டு நிலையிலும் அந்த எண்ணிக்கையை மருத்துவரிடம் கூறுங்கள். மாத்திரைகள் விடுபட்டது தெரியாவிட்டால், சர்க்கரை குறையாததற்கு மருந்தின் அளவு போதவில்லை என்று அவர் கருத நேரிடும்.

சில மருந்துகளில் இடைவெளியே ஆபத்தாகும். அட்டெனோலால் திடீரென நின்றால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறலாம். இதய நோயாளிகளுக்கு நெஞ்சுவலியும் வரலாம். வலிப்பு மாத்திரை நின்றால் வலிப்பு மீண்டும் வரலாம். நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்தலாகாது. இத்தகைய மருந்துகளுக்கு நான்கு நாள்களுக்குப் பதிலாக ஒரு வாரம் முன்தள்ளுங்கள்.

கணக்கிட்ட நாளை அட்டையின் உறையிலும் நாள்காட்டியிலும் குறித்து வையுங்கள். அட்டையில் அச்சிட்டுள்ள காலாவதி நாள் வேறு, நீங்கள் குறிக்கும் தீரும் நாள் வேறு. அச்சிட்ட பகுதி கடைசி வரை எஞ்சும்படி, மறுமுனையிலிருந்து மாத்திரைகளை எடுத்து வாருங்கள். புதிய அட்டை வாங்கியதும் பழைய இருப்பையும் சேர்த்து மீண்டும் எண்ணுங்கள். மாத்திரையின் மில்லிகிராம் அளவோ வேளையோ மாறினால், பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.