உதடு எழுத்தைப் பாக்காது, பேச்சைப் பாக்கும்

(எபிசோடில் பேசியதைச் சற்றே திருத்திய எழுத்து வடிவம்)

நம்ம ஷோவோட சின்ன கிளிப்களில் பேசுற அந்த வரைஞ்ச முகத்தைப் பாத்திருப்பீங்க. தடிச்ச கோடு, பெரிய கண்ணு, சின்ன வாய். அதை வரைஞ்சு, ரெக்கார்ட் பண்ண குரலுக்கு வாயசைக்க வெச்சது நான்தான். முதல் கிளிப் முடிஞ்சதும் குரோம்பேட்டையில் இருக்கிற பெரியம்மாகிட்ட காட்டினேன். அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், மிஷின் போட்டிருக்காங்க. எதிர்ல இருக்கிறவங்க உதட்டைப் பாத்துக்கிட்டேதான் பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க.

ரெண்டு தடவை பாத்துட்டு போனைக் கவுத்து வெச்சாங்க. "இப்பதான்டா நல்லா கேக்குது"ன்னாங்க.

அதாவது என் படம் அவங்களுக்கு உதவல, இடைஞ்சலா இருந்திருக்கு. ஏன்னு புரிய 1976-க்குப் போகணும். ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ஒலி "ப"வோட வகை, வீடியோவில் உதடு சொல்றது "க"வோட வகை. பார்த்த பெரியவங்களில் ரொம்பப் பேருக்குக் கேட்டது ரெண்டும் இல்ல, "த" மாதிரி ஒண்ணு. கண்ணு பாக்கிறது காது கேக்கிறதையே மாத்திடுது. தப்பான வாய் போட்டா, சரியான குரலும் தப்பாக் கேக்கும்.

சரி, நான் எங்க தப்பு பண்ணேன்? தமிழ்ல எழுதுறபடியே படிக்கிறோம்னு நம்பி, ஸ்கிரிப்டில் இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாய்னு அட்டவணை போட்டுட்டேன். வாய்ப் படங்கள் ரூபார்ப் லிப் சிங்க்ங்கிற இலவச மென்பொருள் வெச்சிருக்கிற வரிசைதான். A உதடு மூடினது. B பல்லு ஒட்டி, லேசாத் திறந்தது. C நடுத்தரத் திறப்பு. D நல்லாத் திறந்தது. E லேசாக் குவிஞ்சது. F முழுசாக் குவிஞ்சது. G மேல்பல்லு கீழ்உதட்டைத் தொடுறது. H 'ல'வுக்கு நாக்கு மேல தூக்கினது, சின்ன ஸ்கிரீனில் நான் அதை விட்டுடுவேன். X பேசாம இருக்கிறப்போ உள்ள வாய்.

இதை முதல்ல கண்டுபிடிச்சது கார்ட்டூன் ஆளுங்கன்னு நினைக்காதீங்க. தொல்காப்பியத்தில் பிறப்பியல்னு ஒரு பகுதி இருக்கு. உ, ஊ, ஒ, ஓ, ஔ சொல்ல உதடு குவியும். ப, ம சொல்ல ரெண்டு உதடும் சேரும். வ சொல்ல பல்லும் உதடும் சேரும்னு அதில் தெளிவா இருக்கு. வெளியில தெரியிற வாய்க்கு இதுதான் அடிப்படை. மத்ததெல்லாம் உள்ளே நாக்கு பண்ற வேலை. ழ, ள, ட, ண எல்லாம் வெளியில இருந்து பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுதான். "ழ"வுக்குத் தனி வாய் வரைய நான் ஒரு நாள் செலவழிச்சது வீண். அதே மாதிரி "படம்", "மடம்" ரெண்டையும் உதட்டை மட்டும் பாத்து யாராலும் பிரிக்க முடியாது. அந்த வேலை குரலோடது.

ஆனா எழுத்தை நம்பினா ரெண்டு இடத்தில் மாட்டுவோம். முதல்ல, சொல்லோட கடைசியில் வர்ற உகரம். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம்னு படிச்சோமே, அதேதான். "பாட்டு"ன்னு சொல்லிக் கண்ணாடியில் பாருங்க. "டு"வில் உதடு குவியாது, லேசா விரிஞ்சே நிக்கும். இப்ப "முடிச்சூர்"னு சொல்லுங்க. "மு"விலும் "சூ"விலும் நல்லாக் குவியும். நான் எல்லா உகரத்துக்கும் F போட்டதால, என் பொம்மை ஒவ்வொரு வாக்கியத்தையும் முத்தம் குடுத்து முடிச்சுது.

ரெண்டாவது, கடைசியில் வர்ற "அம்". மேடைத் தமிழ்ல "ம்"முக்கு உதடு மூடும். பேச்சில் பெரும்பாலும் மூடாது. மூக்கு வழியா வர்ற, கொஞ்சம் குவிஞ்ச ஒரு ஓகாரமா முடிஞ்சிடும். ஆனா அடுத்த சொல் ப-வில் தொடங்கினா கதை வேற. "தாம்பரம் போற வண்டி"ன்னா, "போ"வுக்காக உதடு எப்படியும் மூடித்தான் ஆகணும்.

"தாம்பரம் வந்தாச்சு"ங்கிற என் கிளிப்பையே எடுத்துக்கலாம். செகண்டுக்கு 24 ஃப்ரேம். இந்த ரெண்டு சொல்லுக்கு 27 ஃப்ரேம் ஆகுது. "தா"வுக்கு D, 4 ஃப்ரேம். "ம்ப" எழுத்தில் ரெண்டு, ஆனா உதட்டுக்கு ஒரே மூடல். அதனால A ஒரே தடவை, 3 ஃப்ரேம். "ர"வுக்கு C, 2. கடைசி "அம்"முக்கு A இல்ல, E, 3. அப்புறம் "வ"வுக்கு G 2, அதோட அகரத்துக்கு C 2, "ந்"துக்கு B 2, "தா"வுக்கு D 4. "ச்சு" முழுக்க B, 5 ஃப்ரேம். அதுக்கப்புறம் X. பழைய கிளிப்பில் "அம்" A-ஆவும் "சு" F-ஆவும் இருந்துச்சு. அந்த ரெண்டை மாத்தினதுமே நியூஸ் படிக்கிற பொம்மை போய், பக்கத்து சீட்டில் உக்காந்து பேசுற ஆள் வந்துட்டாங்க.

நேரக் கணக்கை நான் கையால எடுக்கல. ரூபார்ப்பை அப்படியே ஓட்டினா குரலை இங்கிலீஷ்னு நினைச்சு இங்கிலீஷ் சொல்லாத் தேடும். தமிழுக்கு ஒலியை மட்டும் பாக்கச் சொல்லணும்:

```
rhubarb -r phonetic -f json -o vaai.json kural.wav
```

எந்த நொடியில் எந்த வாய்னு பட்டியல் வந்துடும். அதை வரைவாத்தான் வெச்சுக்கணும். நான் முதல்ல ப, ம வர்ற இடத்தை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாப்பேன். அங்க A ஒரே ஃப்ரேம் இருந்தா கண்ணுக்கே தெரியாது. முன்னாடி இருக்கிற உயிரெழுத்துகிட்ட ஒரு ஃப்ரேம் கடன் வாங்கி ரெண்டாக்குவேன். உயிரெழுத்தில் C-க்குப் பதில் D வந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க. மூட வேண்டிய உதடு திறந்திருந்தா எல்லாருக்கும் தெரியும்.

வாயைக் குரலுக்கு ஒரு ஃப்ரேம் முன்னாடியே வெப்பேன். நிஜத்திலும் உதடு மூடித் திறந்தப்புறம்தான் "ப" கேக்குது. நம்ம கண்ணும் இந்தப் பக்கம்தான் தாராளம். ஒளிபரப்புக்கான ஐடியூ பரிந்துரையில், குரல் படத்தை 45 மில்லிசெகண்ட் முந்தினாலே ஆளுங்களுக்குத் தெரிய ஆரம்பிக்குது. பிந்தினா 125 வரைக்கும் தெரியறதில்ல. ஒரு ஃப்ரேம்ங்கிறது சுமார் 42.

கடைசியா, வரைஞ்ச முகத்துக்கே உள்ள சிக்கல். ஒரு வாயிலிருந்து இன்னொண்ணுக்கு மங்கி மாறுற மாதிரி வெச்சா, நடுவில் ரெண்டு வாய் சேர்ந்து பேய் மாதிரித் தெரியும். டக்குனு மாத்துறதே நல்லது. மேல்பல்லு மண்டையோட ஒட்டினது, அது நகரவே கூடாது. D வரும்போது தாடை கொஞ்சமாவது கீழ இறங்கணும். இல்லன்னா முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கும்.

திருத்தினதை மறுபடி குரோம்பேட்டைக்கு எடுத்துட்டுப் போனேன். பெரியம்மா முழுசாப் பாத்தாங்க, போனைக் கவுக்கல. "ரயில் தாம்பரம் வந்துடுச்சாமே, நீ எப்ப கிளம்பப் போற?"ன்னு கேட்டாங்க.