கதைச்சுருக்கத்தில் நிகழ்காலம்

கதைச்சுருக்கத்தில் நிகழ்காலம் என்பது, ஒரு நாவல் அல்லது திரைப்படத்தின் கதையைச் சுருக்கி எழுதும்போது கதைமாந்தரின் செயல்களை நிகழ்கால வினைமுற்றால் கூறும் வழக்கமாகும். ‘வந்தான்’ என்பதற்கு மாறாக ‘வருகிறான்’ என எழுதுவர். புத்தகத்தை எப்போது திறந்தாலும் கதையில் அதே நிகழ்ச்சி அப்படியே நடக்கிறது என்பதே இதன் அடிப்படை. முக்காலத்திலும் ஒரே தன்மையாக இருப்பவற்றை நிகழ்காலத்தால் சொல்லலாம் என்கிறது நன்னூல். மலை நிற்கிறது என்று சொல்வது அவ்வகை. கதை மலையன்று எனினும், அச்சேறிய பின் அதுவும் மாறுவதில்லை.

இவ்வழக்கம் மிகவும் தேவைப்படும் இடம் வரலாற்று நாவல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதில் வரும் பழுவேட்டரையர்களின் பழுவூர், இன்று அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் எனப் பெயர் கொண்டுள்ளது. 2007இல் அரியலூர் தனி மாவட்டம் ஆகும் வரை இவ்வூர்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தன. பழுவேட்டரையர்கள் சோழர்களுக்கு உட்பட்ட சிற்றரசர்களாக இப்பகுதியை உண்மையிலேயே ஆண்டார்கள். இங்குள்ள கோயில் கல்வெட்டுகளில் அவர்கள் பெயர்கள் காணப்படுகின்றன. பெரிய பழுவேட்டரையரின் மனைவியாக நாவலில் வரும் நந்தினியோ கல்கியின் கற்பனை. ‘பழுவேட்டரையர் நந்தினியை மணந்தார்’ என்று ஒரு மாணவர் எழுதினால், ஊர் வரலாறு தேடுபவர் அதைக் கல்வெட்டுச் செய்தியாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘நாவலில் பழுவேட்டரையர் நந்தினியை மணந்திருக்கிறார்’ என்றால் குழப்பம் இல்லை.

ஆதித்த கரிகாலனின் மரணத்திலும் இதே சிக்கல் உண்டு. நாவலில் அவன் கடம்பூர் மாளிகையில் இறக்கிறான். அவனைக் கொன்ற குற்றத்துக்காக ரவிதாசன் முதலியோரின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ரவிதாசன் நாவலிலும் வருகிறான். பெயர் ஒன்றாக இருப்பதால் கதை எது, வரலாறு எது என்பதை வினைமுற்றின் காலமே பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இறந்தகாலத்துக்கு நழுவும் இடங்கள்

தமிழில் கதை சொல்வதே ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான்’ என்றுதான் தொடங்கும். கல்கியும் இறந்தகாலத்தில்தான் கதை சொல்கிறார். ஆகவே நிகழ்காலத்தில் தொடங்குபவர்கூட மூன்று நான்கு வரிகளுக்குள் பழைய தடத்துக்குத் திரும்பிவிடுவது இயல்பு. நாவலின் தொடக்கத்தைச் சுருக்கும் பின்வரும் பத்தியில் அந்த நழுவல் இருக்கிறது:

“ஆதித்த கரிகாலனின் ஓலைகளுடன் புறப்பட்ட வந்தியத்தேவன், ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து சேர்கிறான். அன்றிரவு கடம்பூர் மாளிகையில் தங்குகிறான். நள்ளிரவில் அங்கே சிற்றரசர்கள் கூடுகிறார்கள். மூடுபல்லக்கில் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. திரை விலகியதும் மதுராந்தகர் வெளியே வந்தார். அடுத்த பட்டம் அவருக்கே உரியது என்றார் பெரிய பழுவேட்டரையர்.”

முதல் மூன்று வாக்கியங்களும் சரி. ‘புறப்பட்ட’ என்பது பெயரெச்சம், ‘வந்து’ என்பது வினையெச்சம். இரண்டும் இறந்தகால வடிவில் இருந்தாலும் வாக்கியத்தின் காலத்தை முடிவு செய்வது ‘சேர்கிறான்’ என்னும் முற்றுதான். எச்சங்களைத் திருத்தப் போனால் வாக்கியம் கெட்டுவிடும். நழுவலுக்கு வழிவிட்டது ‘தெரியவில்லை’ என்ற சொல். ‘இல்லை’ சேர்ந்த இவ்வெதிர்மறை இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொதுவானது. அங்கே காலத்தின் பிடி தளர்கிறது; அடுத்த வினை பழக்கத்தின்படி ‘வந்தார்’ என்று விழுகிறது. கடைசியில் உள்ள ‘என்றார்’, எழுதியவர் கண்ணுக்கே படாமல் போகும் சொல். அவ்விரண்டையும் ‘வருகிறார்’, ‘என்கிறார்’ என்று மாற்றினால் போதும். ‘விலகியதும்’ அப்படியே இருக்கலாம்.

முன்கதை சொல்லும் இடமும் வழுக்கக்கூடியது. கரிகாலன் வீரபாண்டியனைக் கொன்றது கதை தொடங்குவதற்கு முன் நடந்தது. அதை ‘கொன்றான்’ என எழுதுவது பிழையில்லை. ஆனால் அதற்குப் பின் கதைக்குத் திரும்பும்போது பலர் நிகழ்காலத்துக்குத் திரும்ப மறக்கிறார்கள். ‘கொன்றிருக்கிறான்’ என எழுதினால் நிகழ்காலத்தில் நின்றபடியே பின்னோக்கிப் பார்த்ததாகும்.

இன்னொரு காரணம் பன்மை. ‘குதிரைகள் ஓடுகிறன’ என்று எழுத முடியாது. அஃறிணைப் பன்மைக்கு ‘ஓடுகின்றன’ என்றே வர வேண்டும். இந்த வடிவில் தயங்குபவர்கள் எளிதாக ‘ஓடின’ என எழுதிக் கடந்துவிடுகிறார்கள்.

நூலைப் பற்றிய செய்திகளுக்கு இவ்வழக்கம் பொருந்தாது. கல்கி எழுதினார், மணிரத்னத்தின் முதல் பாகம் 2022இல் வெளியானது என்றே எழுத வேண்டும். திருத்திப் பார்ப்பவர் பத்தியின் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் கதைக்குள் நடப்பதா, வெளியே நடந்ததா என்று கேட்டுக்கொண்டால் நழுவல்கள் அகப்பட்டுவிடும்.