ஆட்டோவுக்கு மாற்றும் அந்த நொடி

நீராவியால் தண்ணீரைச் சூடாக்கும் தொட்டி ஒன்று. தேவை 80 டிகிரி, இப்போது 78. ஆபரேட்டர் மேனுவலில் நீராவி வால்வை 40 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறார். இனிக் கருவி பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவுக்கு மாற்றுகிறார். சரியாக எழுதப்படாத கன்ட்ரோலராக இருந்தால், வால்வு மறுகணமே 6 சதவீதத்துக்கு விழும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பொசிஷனல் வடிவம் ஒவ்வொரு முறையும் வால்வு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை முழுதாகக் கணக்கிடும். பிழை 2 டிகிரி, பெருக்கம் 3 என்றால் 6 கிடைக்கும். மீதி இன்டெக்ரலில் இருந்து, அதாவது இதுவரை சேர்ந்த பிழைகளின் கூட்டலில் இருந்து வர வேண்டும். அது பூஜ்யமாக இருந்தால் 6-தான் விடை. மேனுவலில் இருந்தபோதும் கூட்டல் ஓடிக்கொண்டே இருந்தாலோ இன்னும் மோசம்: அது எங்கோ ஏறி நின்று, வால்வை முழுதாகத் திறந்துவிடும்.

வெலாசிட்டி வடிவம் வால்வின் நிலையைக் கேட்பதில்லை, இந்த முறை எவ்வளவு நகர்த்தலாம் என்று மட்டும் கேட்கிறது. டெரிவேட்டிவை விட்டுவிட்டுப் பார்த்தால்:

```
u = u_prev + Kp*((e - e_prev) + (Ts/Ti)*e)
```

Ts 1 நொடி, Ti 60 நொடி, பிழை மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்வு 0.1 சதவீதம், வால்வு 40.1-க்குப் போகும். u_prev-இல் ஆபரேட்டர் வைத்த 40 ஏற்கெனவே இருப்பதால் குலுக்கல் இல்லை.

ஆனால் இதிலும் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மேனுவலில் e_prev-ஐப் புதுப்பிக்காமல் விட்டால், பழைய மதிப்பு, சொல்லப்போனால் -5, அப்படியே கிடக்கும். மாற்றியதும் 2-க்கும் -5-க்கும் உள்ள 7 டிகிரி வித்தியாசம் மூன்றால் பெருகி, வால்வு 21 சதவீதம் எகிறும். எனவே மேனுவலிலும் பிழையைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பொசிஷனல் வடிவத்தையும் திருத்தலாம். மேனுவலில் இருக்கும் வரை ஒவ்வொரு முறையும் இன்டெக்ரலைப் பின்னோக்கிக் கணக்கிட்டு வைப்பார்கள்: 40-இல் 6 போக 34. மாற்றியதும் 34-உம் 6-உம் சேர்ந்து 40. அதோடு அந்த முறைக்கான 0.1 கூடினால் 40.1, வெலாசிட்டி தந்த அதே விடை. எதிர்த்திசையில் வேலை சுலபம்: ஆட்டோவில் ஓடும்போது மேனுவல் மதிப்பு வெளியீட்டையே பின்தொடர்ந்தால் போதும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் வெலாசிட்டியையே பயன்படுத்துவதில்லை? வெளியீட்டை முழு எண்ணாகச் சேமிக்கும் கருவியில் 0.1 நகர்வு ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டு, வெப்பம் 78-லேயே நின்றுவிடக்கூடும். இன்டெக்ரல் இல்லாமலும் அது உருப்படாது. வால்வை எந்த நிலைக்கு இழுப்பது என்று சொல்ல ஆளிருக்காது.

இரண்டு வடிவங்களாலும் சமாளிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. யாராவது களத்தில் கைச்சக்கரத்தைச் சுழற்றி வால்வை 55-க்குக் கொண்டுபோயிருந்தால், கன்ட்ரோலர் இன்னும் 40 என்றே நம்பும். வால்வின் உண்மை நிலையைத் திருப்பி அனுப்பும் சிக்னல் இல்லாதவரை, மாற்றும் கணத்தில் அந்த 15 சதவீதம் குதிக்கும்.