'காண்போம்' என்று முடித்தால் போதுமா?
கட்டுரையில் வழித்தட வாக்கியமும் கைகாட்டி வாக்கியமும்

மேல்நிலை வகுப்பு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் தவறாமல் எதிர்ப்படும். முன்னுரையின் கடைசி வரியில், "இவற்றைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்" என்று எழுதி மாணவர் அடுத்த பத்திக்குப் போய்விடுவார். முன்னுரையை முடிக்க அது ஒரு வழக்கமான தொடர். ஆனால் கட்டுரை எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற செய்தி அதில் இல்லை.

பேருந்தின் முன்பலகையில் சேரும் ஊரும், 'வழி' என்று குறித்து இடையில் தொடும் ஊர்களும் இருக்கும். கட்டுரை முன்னுரையில் அந்த வேலையைச் செய்வதை வழித்தட வாக்கியம் என்று சொல்லலாம். பயணத்தின் நடுவே பிரிவுச் சாலைகளில் நிற்கும் கைகாட்டியைப் போல, பத்திகளின் தொடக்கத்தில் திசை சொல்லும் வாக்கியம் கைகாட்டி வாக்கியம்.

இது நமக்குப் புதியதும் அன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் 32 உத்திகளில் நுதலிப் புகுதல், தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் ஆகியவை உள்ளன. சொல்லப்போவதை முதலில் குறிப்பிட்டு, அதைச் சுருக்கமாகத் தொகுத்து, பிறகு விரித்துச் சொல்லும் முறைதான் இது.

பள்ளிக் கட்டுரைகளில் குறிப்புச் சட்டகமும் உட்தலைப்புகளும் வழிகாட்டிவிடுகின்றன. கல்லூரியில் எழுதும் ஆய்வுக் கட்டுரையில் பல இடங்களில் உட்தலைப்பு இராது. அங்கே வாக்கியங்களே வழிகாட்ட வேண்டும். அதற்கான பயிற்சியை மேல்நிலை வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

'தமிழ்நாட்டில் நெகிழித் தடை' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். மாணவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்:

"இக்கட்டுரையில் நெகிழித் தடை பற்றியும், அதன் நன்மைகள் பற்றியும், சிக்கல்கள் பற்றியும், தீர்வுகள் பற்றியும் காண்போம்."

இதில் 'நெகிழித் தடை' என்பதை நீக்கிவிட்டுப் 'பட்டாசுத் தடை' என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நிற்கும். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற வாக்கியம் இந்தக் கட்டுரையைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று பொருள். மாணவர்களே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இது.

இனி அதே முன்னுரையைத் திருத்தி எழுதுவோம்:

"தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நெகிழித் தடை, மாற்றுப் பொருள் மலிவாகக் கிடைத்தால்தான் முழுப் பயன் தரும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. முதலில், தடைப் பட்டியலில் உள்ள பொருள்கள் எவை என்று விளக்குகிறது. அடுத்து, சிறுகடைகள் நெகிழிப் பையைக் கைவிடத் தயங்குவதற்கு விலையே காரணம் என்று வாதிடுகிறது. இறுதியாக, மஞ்சப்பை போன்ற மாற்று முயற்சிகள் அந்த விலைச் சிக்கலைத் தீர்க்குமா என்று மதிப்பிடுகிறது."

இங்கே முதல் வாக்கியம் சேரும் ஊரைச் சொல்கிறது. அடுத்த மூன்றும் வழியைச் சொல்கின்றன. விளக்குகிறது, வாதிடுகிறது, மதிப்பிடுகிறது என்ற மூன்று வினைகளும் ஒவ்வொரு பகுதியிலும் நடக்கும் வேலை வேறு வேறு என்பதைக் காட்டுகின்றன. 'காண்போம்' என்ற ஒற்றை வினை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

நான்கு வாக்கியங்களாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுவதால், மூன்று நான்கு பகுதிகளை அதன் பின்னால் வரிசையாகத் தொங்கவிடலாம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால், படிப்பவர் வினை வரும்வரை அத்தனையையும் மனத்தில் சுமக்க வேண்டியிருக்கும். ஒரு பகுதிக்கு ஒரு வாக்கியம், ஒரு முற்றுவினை என்பது தமிழுக்கு ஏற்ற அளவு.

பத்திகளுக்கு நடுவே

முன்னுரையில் பட்டியல், விலை, மாற்று என்ற மூன்று சொற்களைக் கொடுத்துவிட்டோம். பொருளுரையில் அதே சொற்கள் அதே வரிசையில் திரும்ப வர வேண்டும். நடை அழகுக்காக 'விலை' என்பதைப் 'பொருளாதாரக் கூறு' என்று மாற்றினால், படிப்பவர் இது வேறு பகுதியோ என்று தடுமாறுவார்.

பத்திகளின் முதல் வாக்கியங்கள் இப்படி அமையலாம்:

"தடைப் பட்டியலில் பை, தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் உட்பட 14 வகைப் பொருள்கள் உள்ளன."

"பட்டியல் இவ்வளவு தெளிவாக இருந்தும் சிறுகடைகள் தயங்குவதற்கு விலையே முதற்காரணம்."

"விலைதான் தடை என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' போன்ற மாற்று முயற்சிகளை அந்த அளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும்."

இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களின் முற்பகுதி கடந்த பத்தியைத் திரும்பிப் பார்க்கிறது; பிற்பகுதி வரும் பத்தியைக் காட்டுகிறது. 'அடுத்து', 'மேலும்', 'அதுமட்டுமன்றி' என்ற சொற்களோடு மட்டும் தொடங்கினால் வரிசை தெரியும், உறவு தெரியாது. 'இருந்தும்' என்பது முரணையும், 'என்றால்' என்பது முடிவுக்கான அடிப்படையையும் காட்டுகின்றன.

எங்கே தவறுகிறது?

முன்னுரை மூன்று பகுதிகளைச் சொல்லும். பொருளுரையில் இரண்டுதான் இருக்கும். அல்லது வரிசை மாறியிருக்கும். மாணவர் முன்னுரையை முதலில் எழுதிவிடுவதும், எழுத எழுத எண்ணம் மாறுவதுமே இதற்குக் காரணம். எனவே கட்டுரையின் கருத்தை முதலில் எழுதட்டும்; வழித்தட வாக்கியங்களுக்கு நான்கு வரி இடம் விட்டு, பொருளுரையை முடித்த பிறகு அவற்றை நிரப்பட்டும். தேர்வில் அதற்கு நேரம் இராது என்றால், குறிப்புச் சட்டகத்தை முடிவு செய்த பின்னரே முன்னுரையைத் தொடங்கச் சொல்லலாம்.

இன்னொரு தவறு, மிகுதியாகக் காட்டுவது. "இப்போது நான் கூறப்போவது", "மேலே கூறியவாறு" என்று பத்திதோறும் வந்தால், சொல்லும் பொருளைவிட அறிவிப்பே மிகுந்துவிடும். ஒரு பக்க விடைக்கு வழித்தட வாக்கியமே தேவையில்லை. கருத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். கதை, கடிதம், அனுபவக் கட்டுரை ஆகியவற்றுக்கும் இது பொருந்தாது. அடுத்து என்ன என்ற ஆவலை அது கெடுத்துவிடும்.

வகுப்பறையில்

ஒரு நல்ல கட்டுரையின் பத்திகளில் முதல் வாக்கியங்களை மட்டும் தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். அவற்றைக் கலைத்து, முன்னுரையுடன் குழுவுக்குக் கொடுங்கள். எல்லாக் குழுக்களும் ஒரே வரிசைக்கு வந்தால் கைகாட்டிகள் சரியாக நிற்கின்றன. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வரிசையைச் சொல்லி, எல்லாமே பொருத்தமாகத் தோன்றினால், அந்த வாக்கியங்களில் உறவுச் சொற்கள் இல்லை என்று பொருள். அடுத்த வாரம் மாணவரின் சொந்தக் கட்டுரையையே இப்படி வெட்டலாம்.

தொடக்க வகுப்புகளில் செய்முறையை வைத்து இதைத் தொடங்கலாம். விதை ஊன்றுவதைப் பற்றி எழுதும் ஐந்தாம் வகுப்புக் குழந்தை, "இதற்கு மூன்று வேலைகள் உண்டு: மண்ணைக் கிளற வேண்டும், விதையை ஊன்ற வேண்டும், நீர் ஊற்ற வேண்டும்" என்று தொடங்கட்டும். பிறகு மூன்றையும் அதே வரிசையில் எழுதுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏடு திருத்தும்போது முன்னுரை சொல்லும் பகுதிகளுக்கு 1, 2, 3 என்று எண் இடுங்கள். அந்தந்தப் பத்தியின் ஓரத்தில் அதே எண்ணை எழுதுங்கள். எண் கிடைக்காத பத்தியும், பத்தி கிடைக்காத எண்ணும் மாணவரின் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதற்கு மேல் நீண்ட குறிப்பு எழுத வேண்டியிராது.